தீவனம் எடுக்காத கறவைப் பசு: நேரில் வந்து பார்க்க வேண்டுகோள்

நிபோங் திபால்,
சனிக்கிழமை

பெறுநர்:
கால்நடை மருத்துவ அதிகாரி அவர்கள்,
கால்நடைச் சேவை இலாகா,
தென் செபராங் பிறை, பினாங்கு.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கிரியான் ஆற்றுப் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி மாடு வைத்துப் பால் விற்கிறவன் நான். கோமாரி ஊசி போட உங்கள் ஆட்கள் எங்கள் கொட்டிலுக்கு வந்திருக்கிறார்கள். இப்போது செவலைப் பசு ஒன்று வியாழக்கிழமை காலையிலிருந்து தீவனம் எடுக்கவில்லை. மூன்றாம் ஈத்து, கன்றுக்கு இரண்டு மாதம் ஆகிறது.

சோயா சக்கை என்றால் வாளியை இழுத்துப் போட்டுத் தின்கிற மாடு, இப்போது மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. பசும்புல்லையும் தொடவில்லை, தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடிக்கிறது. அசை போடுவது நின்றுவிட்டது. காலை மாலை சேர்த்து ஒன்பது லிட்டர் கறந்தது, நேற்று இரண்டு லிட்டருக்கு மேல் இறங்கவில்லை. சாணி கொஞ்சமாகக் கெட்டியாகப் போடுகிறது. மகள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் 39.8 டிகிரி காட்டியது. வாயிலும் குளம்பிலும் கொப்புளம் இல்லை, எச்சில் வடியவில்லை, மடியும் வீங்கவில்லை. கொட்டிலில் மற்ற மாடுகள் நன்றாகத்தான் மேய்கின்றன.

எனக்குப் பயம் வேறொன்றில். முதுகைக் கூனிக்கொண்டு, முன்னங்கால்களை அகட்டியே நிற்கிறது. படுப்பதற்குத் தயங்குகிறது. வாய்க்கால் கரையில் மேலே ஏறும்போது சும்மா இருக்கிறது, கீழே இறங்கும்போது முனகுகிறது. சென்ற வாரம் பக்கத்துத் தோட்டத்தில் வேலி மாற்றினார்கள். வெட்டிய துண்டுக் கம்பிகள் நாங்கள் புல் அறுக்கும் இடம் வரை சிதறிக் கிடந்தன. கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கினோம். ஆனால் புல்லுக்குள் இருந்த ஒன்று வயிற்றுக்குள் போய்க் குத்திக்கொண்டிருக்கிறதோ என்று நினைக்கிறேன். கம்பி நெஞ்சுப் பக்கம் போய்விட்டால் மாடு தப்பாது என்று என் மச்சான் சொல்கிறார். காந்தம் விழுங்க வைக்கும் வைத்தியம் உண்டாமே, அது உங்களிடம் கிடைக்குமா ஐயா?

உப்புசம் என்று எண்ணி அக்கம்பக்கத்தார் விளக்கெண்ணெயும் பெருங்காயமும் ஊற்றச் சொல்கிறார்கள். இடப்பக்க வயிறு அப்படி உப்பியிருக்கவில்லை, அதனால் நான் எதுவும் ஊற்றவில்லை. மாட்டைத் தனியே கட்டி, முன்கால் பக்கம் மேடாக இருக்கும்படி மண் போட்டு நிற்க வைத்திருக்கிறேன். லோரியில் ஏற்றிக் கொண்டுவரலாம் என்றால், வழியில் குலுங்கி இன்னும் ஆழமாகக் குத்துமோ என்று தயக்கம். ஆகவே தாங்களோ தங்கள் உதவியாளரோ கொட்டிலுக்கே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குத் தாமதமானால், அதுவரை என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று இந்தக் கடிதம் கொண்டுவரும் என் மகனிடம் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொன்று. ஊசி போட்டால் எத்தனை நாள் பாலைக் கீழே ஊற்ற வேண்டும் என்பதையும் எழுதித் தாருங்கள். கோயிலுக்கும் தோசைக் கடைக்கும் பால் கொடுக்கிறேன், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கன்று இன்னும் தாய்ப்பால்தான் குடிக்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

மழை பெய்தால் தோட்டத்து மண் சாலையில் கார் புதைந்துவிடும். மாரியம்மன் கோயில் பக்கம் வந்து நின்றால் மகன் மோட்டார் சைக்கிளில் அழைத்து வருவான்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மு. பெருமாள்