நட்சத்திரம் பெறாத ஒரு வரி

நன்னிலம்,
14.03.2024

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். ஆய்வேட்டின் நான்காம் இயலின் முதன்மை அட்டவணையைத் தட்டச்சு செய்துவிட்டேன். அதில் ஒரு வரியை வைப்பதா, எடுப்பதா என்று புரியாமல் மூன்று நாளாக அங்கேயே நிற்கிறேன்.

அந்த வரி கூட்டுறவுக் கடன்தான். 142 குடும்பங்களின் சம்பா விளைச்சலை மடக்கையாக எடுத்துக் கணக்கிட்டதில், சங்கத்தில் கடன் பெற்றவர்களுக்கான கெழு 0.041 என வந்தது. திட்டப்பிழை 0.038, பி-மதிப்பு 0.28. பாசனம், உரம் ஆகியவற்றின் வரிகளில் புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் நட்சத்திரங்கள் மின்னுகின்றன. நான் ஊர் ஊராக அலைந்ததே எதற்காகவோ, அந்த வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது.

அறைத்தோழி அதை எடுத்துவிடச் சொல்கிறாள். வாய்மொழித் தேர்வில் வம்பு வேண்டாமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. கடன் விளைச்சலைக் கூட்டுகிறதா என்று முதல் இயலில் கேட்டுவிட்டு, கிடைத்த விடையை மறைப்பது எப்படி? மேலும், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி -0.034 முதல் 0.116 வரை விரிகிறது. விளைச்சல் சற்றுக் குறைவதும், பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுவதும் இதற்குள் அடக்கம். ஆகவே ‘கடனால் பயனில்லை’ என்றும் எழுத முடியாது. 142 வீடுகளை வைத்து இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல இயலவில்லை என்பதே உண்மை என நினைக்கிறேன்.

உண்மையான சிக்கல் வேறு, அம்மா. சங்கம் கடனில் ஒரு பகுதியை உரமாகவே கொடுக்கிறது. உரத்தைச் சமன்பாட்டில் வைத்தால், கடன் எந்த வழியாக வயலுக்குப் போகிறதோ அந்த வழியையே நான் அடைத்துவிடுகிறேன் அல்லவா? உரத்தை நீக்கிப் பார்த்தேன்: கெழு 0.093, திட்டப்பிழை 0.037. நட்சத்திரம் வந்துவிட்டது! மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. முதல் கணக்கு ஏமாற்றிய பிறகுதானே இந்தக் காரணம் எனக்குத் தோன்றியது? முதலில் நட்சத்திரம் வந்திருந்தால் உரத்தைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டேன்.

அதனால் இரண்டையும் அட்டவணையில் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் கொடுத்து, எது முதலில் செய்தது, எது பிறகு தோன்றியது என்பதையும் எழுதிவிடலாமா? அல்லது இரண்டாவதைப் பிற்சேர்க்கைக்குத் தள்ள வேண்டுமா?

இன்னொரு சிறு ஐயம். ‘முக்கியத்துவமற்றது’ என்று எழுதினால், கடனே முக்கியமில்லை என்று படிப்பவர் எண்ணிவிடுகிறார். என் அப்பாவே அப்படித்தான் கேட்டார். ‘சுழியத்திலிருந்து வேறுபடுகிறது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை’ என எழுதட்டுமா? நீளம்தான், ஆனால் பொய்யில்லை.

வியாழக்கிழமை மதியம் துறைக்கு வருகிறேன். இரண்டு அட்டவணைகளையும் அச்செடுத்துக் கொண்டுவருவேன். அதற்கு முன் ஒரு வரி பதில் எழுதினால் மூன்றாம் இயலின் திருத்தத்தையாவது நிம்மதியாகத் தொடர்வேன்.

தங்கள் மாணவி,
கயல்விழி