வைவா கேள்வி பதில்: மண் ஈரம் பார்த்து தானா தண்ணி விடுற நம்ம ப்ராஜெக்ட்

ரிப்போர்ட்ட முழுசா திரும்பப் படிச்சு, எக்ஸாமினர் எங்கல்லாம் நிறுத்திக் கேப்பாங்கன்னு தோணுச்சோ அங்கல்லாம் கேள்வி எடுத்திருக்கேன். பதில் எல்லாம் பேசுற மாதிரிதான் இருக்கு, மனப்பாடம் பண்ணாத, வாய்விட்டு சொல்லிப் பாரு.

கே: ப்ராஜெக்ட் என்னன்னு சுருக்கமா சொல்லுங்க.
சார், தொட்டி மண்ணோட ஈரத்த சென்சார் பாக்கும், 30 சதவீதத்துக்குக் கீழ போனா பம்ப் ஓடும், 60 தாண்டுனா நின்னுடும். டைமர் வச்சா மண்ணு ஈரமா இருந்தாலும் நேரம் வந்தா தண்ணி விட்டுடும், இது தேவைப்பட்டா மட்டும்தான் விடும்.

கே: எதுக்கு ரெண்டு அளவு? ஒண்ணு போதாதா? (கண்டிப்பா வரும், நீயே சொல்லு)
ஒரே அளவு வச்சா ரீடிங் அந்த எல்லையில லேசா ஆடும்போதெல்லாம் ரிலே ஆன் ஆஃப் ஆகிட்டே இருக்கும் சார், கான்டாக்ட் சீக்கிரம் தேஞ்சிடும். அதான் நடுவுல இடைவெளி விட்டோம், ஹிஸ்டெரிசிஸ்னு சொல்லுவாங்க.

```
if (eeram < 30) pump = true;
else if (eeram > 60) pump = false;
```

உடனே "அப்போ 45ல என்ன ஆகும்?"னு மடக்குவாங்க. ரெண்டு கண்டிஷனும் பொருந்தாது சார், அதனால பம்ப் முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்னு சொல்லு.

கே: சதவீதம் எப்படி வந்துச்சு?
காஞ்ச மண்ணுல 2850, நல்லா ஊறுன மண்ணுல 1200 வந்துச்சு சார். ஈரம் கூடக்கூட ரீடிங் குறையும். அதனால

```
eeram = (2850 - raw) * 100 / (2850 - 1200)
```

2025 வந்தா 50 சதவீதம். போர்டுல ஒரு தடவ போட்டுக் காட்டிடு, சூத்திரம் புரிஞ்சு எழுதிருக்கோம்னு தெரியும்.

கே: ஏன் கெபாசிட்டிவ் சென்சார்?
ரெசிஸ்டிவ்ல கம்பி நேரா மண்ணத் தொட்டு கரன்ட் போகும், மின்பகுப்பு நடந்து அரிச்சிடும் சார். இதுல உலோகத்து மேல பூச்சு இருக்கு. தண்ணியோட மின்காப்பு மாறிலி 80 கிட்ட, காஞ்ச மண்ணுக்கு அதவிட ரொம்பக் கம்மி, அந்த வித்தியாசத்தத்தான் சென்சார் பிடிக்குது.

கே: சென்சார ஏன் GPIO34ல குடுத்தீங்க?
அது ADC1 சார். ESP32ல வைஃபை ஓடும்போது ADC2வ நம்பி ரீடிங் எடுக்க முடியாது.

கே: ஆக்யுரசி எவ்ளோ?
இதுலதான் கவனமா இருக்கணும், வாய்க்கு வந்த நம்பர சொல்லிட்டா "எப்படி அளந்தீங்க"ன்னு அடுத்த கேள்வி வந்து மாட்டிக்குவோம். எங்க சதவீதம் ரெண்டு ரீடிங்க வச்சு வந்த ஒப்பீட்டு அளவு சார், மண்ணுல இருக்குற உண்மையான தண்ணியோட அளவு கிடையாது. அத சரிபாக்கணும்னா மண்ண எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸ் ஓவன்ல காயவச்சு, திரும்ப எடை போட்டு ஒப்பிடணும், ரிப்போர்ட்ல அடுத்த கட்ட வேலைன்னு அதத்தான் எழுதிருக்கோம்.