உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு: 2025-26ஆம் ஆண்டின் ஐந்தாவது கூட்டம்

நாள்: 14.03.2026, சனிக்கிழமை. காலை 10.30 முதல் பிற்பகல் 2.10 வரை.
இடம்: திண்டிவனம் வட்டம், நிறுவனத்தின் கொள்முதல் கிடங்கு வளாகம்.

இயக்குநர்கள் ஒன்பது பேரில் ஏழு பேர் வந்திருந்தனர். மரக்காணம் பகுதி இயக்குநர் உடல்நலக் குறைவாலும், வல்லம் பகுதி இரண்டாம் இயக்குநர் அறுவடை வேலையாலும் வர இயலவில்லை எனத் தெரிவித்திருந்தனர். ஏழு நாள் முன்னறிவிப்பு முறைப்படி அனுப்பப்பட்டிருந்தது. தேவையான எண்ணிக்கை இருந்ததால் தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார். முதன்மைச் செயல் அலுவலரும் கணக்காளரும் உடனிருந்தனர். முந்தைய கூட்டத்தின் குறிப்பு படிக்கப்பட்டு, திருத்தமின்றி ஏற்கப்பட்டது.

பொருள் 1: மணிலா நிலக்கடலைக் கொள்முதல் விலை

மார்கழிப் பட்டத்து மணிலா பங்குனி முதல் வாரத்திலிருந்து வரத்தாகும். சென்ற ஆண்டு நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் வெளி வியாபாரிக்கே போட்டார்கள். நாம் சொன்ன விலை குறைவாக இல்லை. பணம் கைக்குப் போகப் பதினெட்டு நாள் ஆனதுதான் காரணம். தாமதம் நம்முடையது என்பதைச் செயல் அலுவலர் ஒப்புக்கொண்டு பதிவு செய்யச் சொன்னார். அறுவடைக் கூலியை அன்று மாலையே கொடுத்தாக வேண்டிய விவசாயியிடம், "கணக்கு முடியட்டும்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை என்று மயிலம் பகுதி இயக்குநர் கூறியதைக் குழு முழுமையாக ஏற்றது.

கடந்த பத்து நாளில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் 80 கிலோ மூட்டை ₹6,900 முதல் ₹8,100 வரை போயிருக்கிறது. 2025-26 காரீஃப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ₹7,263. மூட்டைக் கணக்கில் ₹5,810. ஆகவே இப்போது ஆதரவு விலையை அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை. தரத்துக்கேற்ற விலை தருகிறோமா என்பதுதான் கேள்வி.

தரம் பார்ப்பதில் நீண்ட விவாதம் நடந்தது. ஈரப்பதமானி காட்டும் எண்ணைப் பலர் நம்புவதில்லை. ஓலக்கூர் பகுதிப் பெண் இயக்குநர் மேசையில் இருந்த மாதிரியில் ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்கிக் காட்டினார்: "உள்ள பருப்பு ஆடுற சத்தம் கேக்கணும். கேட்டா காஞ்சிருக்கு, கேக்கலன்னா இன்னும் ரெண்டு வெயில் காட்டணும். இது எங்க வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். மெஷினு சொல்றதும் இதுவும் ஒண்ணுதான்னு ஒருதடவை காட்டிட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க." இதன்படி, எடை போடும் முன் விவசாயியின் கண்ணெதிரே இரண்டு சோதனையும் செய்வது என முடிவானது.

தீர்மானம்: ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள்ளும், 200 கிராம் காயை உடைத்தால் 140 கிராம் பருப்பும் (70 சதவீதம்) இருக்கும் மணிலாவுக்கு மூட்டை ₹7,600. பருப்பு ஒரு சதவீதம் கூடினால் ₹80 கூடும், குறைந்தால் ₹80 குறையும். ஈரப்பதம் 8க்கு மேல் 10 வரை இருந்தால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு கிலோ கழிவு. 10க்கு மேல் போனால் திருப்பி அனுப்பக் கூடாது. நம் உலர்களத்தில் கட்டணமின்றி உலர்த்திக்கொள்ளலாம். சாக்கு எடை தவிர வேறு எந்தக் கழிவும், "மாதிரி" என்று அள்ளிக்கொள்வதும் கிடையாது. உடைத்துப் பார்த்த பருப்பும் விவசாயிக்கே.

₹7,600இல் ₹7,300 எடை போட்ட 24 மணி நேரத்துக்குள் உறுப்பினரின் வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். மீதி ₹300 சட்டத்தில் உள்ள 'நிறுத்திவைத்த விலை' முறையில், விற்பனை முடிந்ததும், ஜூன் 30க்குள் தரப்படும். இந்த ₹300 தள்ளுபடி அல்ல, விவசாயியின் பணம்தான் என்று ரசீதிலேயே தமிழில் அச்சிட வேண்டும். விலை வாரந்தோறும் திங்களன்று மறுபரிசீலனை செய்யப்படும்; ₹300க்கு மேல் ஏற்ற இறக்கம் தேவைப்பட்டால் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

உளுந்துக் கொள்முதல் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பொருள் 2: உறுப்பினர் பங்குகள்

உறுப்பினர்கள் 742 பேர். இவர்களில் 611 பேர் ₹2,000 முழுமையாகவும், 131 பேர் ₹1,000 மட்டுமும் செலுத்தியுள்ளனர். செலுத்தப்பட்ட மூலதனம் ₹13,53,000. மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் உறுப்பினருக்கு ₹2,000 வரை, நிறுவனத்துக்கு ₹15 லட்சம் உச்சவரம்பில் இணை மானியம் உண்டு. இதுவரை ₹8,40,000 பெற்றுள்ளோம். மீதிப் பங்குத்தொகை வந்தால்தான் எஞ்சிய ₹6,60,000ஐக் கேட்க முடியும். 131 பேரும் மே 31க்குள் செலுத்தக் கடிதம் அனுப்பப்படும். மணிலா போடுபவர்கள் விரும்பினால் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு விற்பனைத் தொகையில் பிடித்துக்கொள்ளலாம். ஒப்புதல் இல்லாமல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது.

புதிய விண்ணப்பங்கள் 58. இவற்றில் 54 ஏற்கப்பட்டன. இரண்டு விண்ணப்பதாரர்கள் கொள்முதல் வியாபாரம் செய்பவர்கள், சாகுபடி செய்பவர்கள் அல்லர். உற்பத்தியாளர் மட்டுமே உறுப்பினராக முடியும் என்பதால் நிராகரிக்கப்பட்டன. மற்ற இருவரும் குத்தகைக்குப் பயிர் செய்யும் பெண்கள். சிட்டா பெயரில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அலுவலகம் திருப்பி அனுப்பப் பார்த்தது. களை எடுப்பதும் காய் ஆய்வதும் அவர்கள். பங்கு வாங்க மட்டும் தகுதி இல்லையா என்று பெண் இயக்குநர் கேட்டது நியாயமான கேள்வி. கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றைப் பெற்று, அடுத்த கூட்டத்தில் சேர்க்கத் தீர்மானிக்கப்பட்டது.

சென்ற நவம்பரில் காலமான உறுப்பினரின் 200 பங்குகள் அவர் நியமித்தபடி மனைவி பெயருக்கு மாற்றப்பட்டன. அவரே இப்போது நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். நியமனம் இருந்ததால் இது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் 212 பேர் இன்னும் நியமனப் படிவம் தரவில்லை. உறுப்பினரான மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். இயக்குநர்கள் அவரவர் பகுதியில் வீடு தேடிச் சென்று ஏப்ரல் 30க்குள் வாங்கித் தர ஒப்புக்கொண்டனர்.

பொருள் 3: வங்கிக் கடன்

நம் கணக்குள்ள வங்கிக் கிளை கொள்கை அளவில் ₹62 லட்சம் வழங்க இசைந்துள்ளது: நடைமுறை மூலதனம் ₹40 லட்சம், தோலுடைக்கும், தரம் பிரிக்கும் இயந்திரங்களுக்கு ₹22 லட்சம், 60 மாதத் தவணை. வட்டி 10.50 சதவீதம். சொந்த நிதி ₹10 லட்சத்தைச் சேர்த்தால் ஒரு சுற்றில் சுமார் 680 மூட்டை வாங்கலாம். பருவத்தில் இரண்டு சுற்று வரும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. 24 மணி நேரத்தில் பணம் என்ற வாக்குறுதி இந்தக் கடனை நம்பித்தான் நிற்கிறது.

இயந்திரம் வைக்கும் கொட்டகை ஓர் இயக்குநரின் குத்தகை நிலத்தில் வருவதால், அவர் பிரிவு 184இன்படி தம் தொடர்பைத் தெரிவித்துவிட்டு இப்பொருள் முடியும் வரை வெளியே இருந்தார்.

வங்கி வைத்த நிபந்தனைகளில் ஒன்று, இரண்டு இயக்குநர்களின் நிலப் பத்திரத்தை அடமானமாகத் தருவது. தலைவர் தர முன்வந்தார். குழு நன்றி கூறி மறுத்தது. நிறுவனத்தின் கடனுக்கு ஒருவர் குடும்பத்தின் நிலம் போகலாம் என்ற நிலை வந்தால், நாளை இயக்குநராக வர யார் துணிவார்? ₹1 கோடி வரையிலான கடனுக்கு 85 சதவீதம் உத்தரவாதம் தரும் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. நம் கடனுக்கு அது ₹52,70,000. அந்தத் திட்டத்தின் கீழ் கடனைக் கொண்டுவருமாறு எழுத்தில் கேட்பது, இயந்திரக் கடனுக்கு வேளாண் உட்கட்டமைப்பு நிதியின் 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிப்பது என முடிவானது.

தீர்மானம்: மேற்கண்டவாறு ₹62 லட்சம் கடன் பெற ஒப்புதல் அளிக்கப்படுகிறது. இயக்குநர்களின் சொந்த நிலம் அடமானம் வைக்கப்படாது. சரக்கிருப்பும் இயந்திரங்களும் மட்டுமே ஈடு. தலைவரும் செயல் அலுவலரும் சேர்ந்து ஆவணங்களில் கையொப்பமிடலாம். தனித்து யாரும் இடக் கூடாது. ஈட்டு ஆவணம் ஆன 30 நாளுக்குள் படிவம் CHG-1 தாக்கல் செய்யக் கணக்காளர் பொறுப்பு. ஆறு பேர் ஆதரவு, எதிர்ப்பு இல்லை.

வங்கி அடமானத்தில் பிடிவாதமாக இருந்தால், செயல் அலுவலர் தாமே முடிவெடுக்காமல் மார்ச் 21ஆம் தேதி அவசரக் கூட்டம் கூட்ட வேண்டும்.

பிற

உலர்களத்துத் தார்ப்பாய் பத்து வாங்க ₹38,000 ஒப்புதல். எடைமேடைக்கு முத்திரை புதுப்பித்த சான்றைக் கொள்முதல் தொடங்கும் முன் சுவரில் ஒட்ட வேண்டும். அடுத்த கூட்டம்: 18.04.2026, காலை 10.30, இதே இடம்.

பதிவு செய்தவர்: முதன்மைச் செயல் அலுவலர்
(ஒப்பம்) தலைவர், 14.03.2026