இன்வாய்ஸ் எண் 2318-இல் சேர்த்துள்ள 1,296.00 கூடுதல் கட்டணத்துக்குப் பிரிவுவாரி விவரம் வேண்டி

நாள்: 27 ஜூன் 2025

பெறுநர்: விற்பனை மேலாளர் அவர்கள்
நகல்: கணக்குப் பிரிவு

குறிப்பு: எங்கள் பர்சேஸ் ஆர்டர் 4471 (6 மே 2025), உங்கள் இன்வாய்ஸ் 2318 (24 ஜூன் 2025). இக்கடிதத்தில் உள்ள தொகைகள் அனைத்தும் ஆர்டரில் குறித்த நாணயத்தில், வரி நீங்கலாக.

ஐயா,

வணக்கம். 3 மி.மீ. கனம், 1250 × 2500 மி.மீ. அளவுள்ள 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் நாற்பதும் ஜூன் 25 அன்று எங்கள் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. எண்ணிக்கை சரி, கனம் சரி, மேற்பரப்பில் கீறல் இல்லை. 3.1 வகைச் சோதனைச் சான்றிதழில் உள்ள ஹீட் எண்ணும் தகடுகளில் உள்ள எண்ணும் பொருந்துகின்றன. சரக்கைப் பற்றி எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

இன்வாய்ஸின் இரண்டாவது வரியைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. முதல் வரியில் 2,974 கிலோ, கிலோவுக்கு 3.20 வீதம் 9,516.80 என்று உள்ளது. ஆர்டரில் இருப்பதும் அதுவே. அடுத்த வரியில் "கூடுதல் கட்டணம்" என்ற இரு சொற்களோடு 1,296.00 சேர்க்கப்பட்டுள்ளது. எதற்காக, எந்த விகிதத்தில், எந்த எடைக்கு என்ற விவரம் ஒன்றும் இல்லை. சரக்கின் விலையில் இது 13.6 சதவீதம். உங்கள் கொட்டேஷனிலோ, நாங்கள் அனுப்பி நீங்கள் கையொப்பமிட்ட ஆர்டரிலோ இப்படி ஒரு கட்டணம் இல்லை. விலை "பேக்கிங், வாங்குபவர் கிடங்கு வரையிலான லாரி வாடகை, உலோகக் கலவைக் கட்டணம் உட்பட" என்றும், "ஆர்டர் நாளிலிருந்து 45 நாள் மாறாது" என்றும் கொட்டேஷனின் 3, 4-ஆம் பத்திகள் சொல்கின்றன.

இது எப்படி வந்திருக்கலாம் என்று நாங்களே கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1,296-ஐ நிகர எடையான 2,974 கிலோவால் வகுத்தால் முழு விகிதம் வரவில்லை. சலானில் உள்ள மொத்த எடையான 3,240 கிலோவால் வகுத்தால் கிலோவுக்குச் சரியாக 0.40 வருகிறது. எனவே பேலட், மரச்சட்டம், உறை எல்லாம் சேர்ந்த எடைக்கு இந்தக் கட்டணம் போடப்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு தகட்டின் கணக்கு எடை, 7.93 அடர்த்தியில், 74.34 கிலோ, நாற்பதுக்கு 2,974 கிலோ. மீதி 266 கிலோ நான்கு பேலட்டுகளின் பேக்கிங். உலோகக் கலவைக் கட்டணம் அந்த 266 கிலோவுக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்தப் பிழையின் மதிப்பு மட்டும் 106.40. கட்டணம் முழுவதும் நியாயம் என்று பின்னர் தெரியவந்தாலும், இந்தப் பகுதி குறைந்தாக வேண்டும்.

அடுத்து, நிக்கல். 304 கிரேடில் நிக்கல் ஏறத்தாழ 8 சதவீதம். கிலோ தகட்டுக்கு 0.40 ஏற்றம் நிக்கலால் மட்டுமே வந்தது என்றால், ஒரு கிலோ நிக்கல் எங்கள் ஆர்டர் நாளுக்குப் பிறகு 5.00 அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். குரோமியமும் சேர்ந்திருந்தால் அதன் பங்கைத் தனியே காட்ட வேண்டும். எந்த மாத விகிதத்தை அடிப்படையாக வைத்தீர்கள், எந்த மாத விகிதத்தோடு ஒப்பிட்டீர்கள், ஆலை உங்களுக்கு அனுப்பிய கட்டண அறிவிப்பு எது என்பது தெரிந்தால்தான் எங்களால் சரிபார்க்க முடியும்.

45 நாள் கெடு ஜூன் 20-இல் முடிந்தது, சரக்கு ஜூன் 24-இல் புறப்பட்டது, ஆகவே புதிய விகிதம் என்று நீங்கள் கருதியிருக்கலாம். அப்படியென்றால் ஒன்றை நினைவூட்ட வேண்டும். ஆர்டரின்படி சரக்கு ஜூன் 13-இல் புறப்பட வேண்டும். தகடு வெட்டும் லைனில் பழுது, பதினொரு நாள் தாமதமாகும் என்று ஜூன் 11-இல் நீங்கள்தான் எழுதினீர்கள். விலை மாறும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. உங்கள் தரப்புத் தாமதத்தால் கெடு தாண்டியதற்கு நாங்கள் விலை கொடுப்பது முறையாகாது.

லாரி காத்திருப்புக் கட்டணம் இதில் கலந்திருந்தால், எங்கள் வாயில் பதிவேட்டின்படி வண்டி உள்ளே வந்தது காலை 10.20, வெறும் வண்டியாக வெளியேறியது 11.55. ஆர்டரில் ஒப்புக்கொண்ட இரண்டு மணி நேரத்துக்குள்தான் இறக்கியிருக்கிறோம். டீசல் கட்டணம் என்றால் அது வாடகைப் பகுதிக்கு மட்டுமே கணக்கிடப்பட வேண்டும், சரக்கின் எடைக்கு அல்ல. வாடகை எவ்வளவு, டீசலின் அடிப்படை விலை என்ன, அதற்கு மேல் எத்தனை சதவீதம் என்று காட்டுங்கள்.

ஆகவே 1,296.00-ஐ அதன் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரியாக எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு வரியிலும் கீழ்க்கண்டவை இருக்க வேண்டும்:

– என்ன செலவு, எந்த நாளில் ஏற்பட்டது
– கணக்கிட்ட அடிப்படை (நிகர கிலோ, பேலட், மணி, பயணம்)
– அலகுக்கு விகிதம், அலகுகளின் எண்ணிக்கை, தொகை
– கொட்டேஷன் அல்லது ஆர்டரில் அதற்கு இடம் தரும் பத்தி
– சான்றின் நகல்: ஆலையின் அறிவிப்பு, லாரி நிறுவனத்தின் பில், எடைச் சீட்டு

"இதர செலவுகள்" என்று ஒரு வரி வந்தால் அதை எங்கள் தணிக்கைப் பிரிவு ஏற்காது. அதையும் பிரித்தே காட்ட வேண்டும். எங்கள் தரப்பில் யாராவது வாய்மொழியாக இதற்குச் சம்மதம் சொல்லியிருந்தால், யார், எந்த நாளில் என்று குறிப்பிடுங்கள். ஆர்டர் விலையை மாற்றும் அதிகாரம் கொள்முதல் பிரிவுக்கு மட்டுமே உண்டு, அதுவும் எழுத்தில்தான்.

பணம் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சச்சரவில்லாத 9,516.80-ஐ அதற்குரிய வரியோடு, சரக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் என்ற கெடுப்படி ஜூலை 25-க்குள் செலுத்திவிடுவோம். வங்கிக் குறிப்பில் "இன்வாய்ஸ் 2318, பகுதித் தொகை" என்று இருக்கும். நிறுத்தி வைப்பது 1,296.00-உம் அதன் மீதான வரியும் மட்டுமே. பகுதித் தொகை செலுத்துவது கட்டணத்தை ஒப்புக்கொண்டதாகாது. விவரம் வந்து முடிவாகும் வரை இந்த நிலுவைக்குத் தாமத வட்டி போடாமலும், ஜூலையில் வரவேண்டிய ஆர்டர் 4502-ஐ இதைக் காட்டி நிறுத்தாமலும் இருக்க வேண்டுகிறோம்.

ஜூலை 7-க்குள் பதில் கிடைத்தால், இரண்டு வேலை நாளில் சரிபார்த்துச் சொல்லிவிடுவோம். ஆர்டரின்படி நாங்கள் ஏற்க வேண்டிய செலவு எதுவாயினும், சான்று சரியாக இருந்தால் அந்தப் பகுதியைத் தயங்காமல் கொடுப்போம். பொருந்தாத பகுதிக்கு வரியையும் சேர்த்துக் கிரெடிட் நோட் தர வேண்டும். பழைய இன்வாய்ஸில் கையால் திருத்தி அனுப்பினால் எங்கள் கணக்கில் அதைப் பதிவு செய்ய இயலாது. கட்டணமே தவறுதலாக ஏறியிருந்தால் விவரப் பட்டியல் தேவையில்லை, 1,296.00-க்கான கிரெடிட் நோட் மட்டும் போதும்.

ஆர்டர் 4502-இல் இதுபோன்ற கட்டணம் எதுவும் வரக்கூடும் என்று இப்போதே தெரிந்தால், சரக்கு ஏற்றுவதற்குக் குறைந்தது ஐந்து வேலை நாள் முன்பு தொகையோடு எழுதுங்கள். ஏற்பதா, அளவைக் குறைப்பதா என்று முடிவு செய்ய எங்களுக்கு அந்த அவகாசம் தேவை.

இணைப்பு: கொட்டேஷன், கையொப்பமிட்ட ஆர்டர் 4471, உங்கள் ஜூன் 11 கடிதம், சலான், வாயில் பதிவேட்டின் நகல்.

இப்படிக்கு,
கொள்முதல் மேலாளர்