டூப்ளிகேட் ராத்திரி

ஆறரைக்கு லாகின், அமெரிக்காக்காரங்களுக்கு அப்போ காலைல எட்டு மணி,
சோழிங்கநல்லூர்ல வெயில் இறங்குன ஜன்னலுக்கு முதுக காட்டி உக்காந்துக்கிட்டு
எங்கயோ ஒரு ஊருக்கு நான் விடியல சொல்லிக்கிட்டு இருக்கேன்,
ஒவ்வொரு குட் மார்னிங்கிலயும்
என் வாய்க்கும் என் கண்ணுக்கும் நடுவுல பத்தரை மணி நேரம்.

இடது மானிட்டர்ல பேஷன்ட் அக்கவுன்ட், வலதுல இன்சூரன்ஸ் போர்ட்டல்,
நடுவுல பாதி நீலமாவும் பாதி வெள்ளையாவும் என் மூஞ்சி,
ஏசி 18ல ஓடுது, துப்பட்டாவ காதோட சேத்து சுத்தி அதுக்கு மேல ஹெட்செட்,
ஹோல்ட்ல போட்டுட்டாங்க, நாப்பத்திரண்டு நிமிஷமா ஒரே பியானோ,
எங்க வீட்டு அடுப்படில இந்நேரம் அரைச்சு வச்ச மாவு
யாரும் பாக்காம மெதுவா பொங்கிக்கிட்டு இருக்கும்,
இங்க நானும் அப்படித்தான், மூடி போட்டு வச்சிருக்காங்க,
உள்ள என்னமோ புளிச்சுக்கிட்டே மேல ஏறுது.

CO-16ன்னு வருது, தகவல் பத்தல, க்ளைம் திரும்பிடுச்சு,
எனக்கும் அதேதான், என்னடி ஒரு மாதிரி இருக்கன்னு கேட்டா
சொல்றதுக்கு எந்த கட்டத்துலயும் ஒண்ணும் எழுதல.
CO-18ன்னு வருது, ஏற்கெனவே அனுப்புனதையே அப்படியே திருப்பி அனுப்பிருக்கீங்க,
ஆமா, நேத்து ராத்திரியும் இன்னைக்கு ராத்திரியும் ஒண்ணுதான்,
அதே சீட், அதே பிளாஸ்டிக் கப்புல அதே மெஷின் டீ, அதே பாஸ்வேர்ட்,
தேதி மட்டும் மாத்தி என்னையே மறுபடி அனுப்பிருக்கேன்.
CO-29ன்னு வரும்போது மட்டும் கை நின்னுடும்,
டைம் முடிஞ்சு போச்சு, இனிமே தர முடியாது,
எட்டு மணிக்கு அம்மா கூப்ட்டாங்க, நான் கால்ல இருந்தேன்,
பிரேக்ல பாக்குறப்போ மணி பதினொன்னே கால், அம்மா தூங்கிருப்பாங்க,
சாப்டியான்னு கேக்க வந்த ஒரு மிஸ்டு கால்
ஃபோன் வெளிச்சத்துல செவப்பா கெடக்கு.

ரெண்டு மணிக்கு மேல எழுத்தெல்லாம் ஊறுன அவல் மாதிரி உப்பிப் போகும்,
எட்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாது,
விரல வச்சு ஒவ்வொரு நம்பரா ஸ்கிரீன்ல தொட்டுத் தொட்டுப் படிப்பேன்,
தொட்ட எடமெல்லாம் ரேகை விழும், வெளிச்சம் அந்த ரேகைக்குள்ள புகுந்து
ஏழு வண்ணமா உடையும்,
இந்த ஃப்ளோர்லயே அழகான விஷயம் அதுதான், அத யார்கிட்டயும் காட்டுனதில்ல.
பத்து நிமிஷம் தொடலன்னா மானிட்டர் தூங்கிடும்,
அதுக்கு அப்படி ஒரு செட்டிங் இருக்கு,
நான்தான் மவுஸ ஆட்டி எழுப்புவேன், ஸ்கூல் புள்ளைய எழுப்புற மாதிரி,
எழுந்திரு கண்ணு, இன்னும் பதினொரு அக்கவுன்ட் இருக்கு.

நவம்பர் வந்தா அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, மார்ச்ல முன்னாடி இழுப்பாங்க,
கடிகாரம் அங்க நகரும்
என் ஒடம்பு இங்க நகரும்,
பசி எப்போ வரணும்னு என் வயித்துக்கு ஒரு மெயில் கூட வர்றதில்ல.

மூணரைக்கு லாக் அவுட், மூணே முக்காலுக்கு கேப்,
முன் சீட்ல செக்யூரிட்டி அண்ணா, பின்னாடி நாங்க நாலு பேரு,
நாலு தாடைக்குக் கீழயும் நாலு ஃபோன் வெளிச்சம், கார்த்திகை அகல் மாதிரி,
ஒண்ணு ஒண்ணா அணையுது,
பக்கத்து சீட்டு பொண்ணு என் தோள்ல சாஞ்சுட்டா, பேரு கூட தெரியாது,
அவ ஐடி கார்டு என் மடில விழுந்து கெடக்கு, போட்டோல சிரிக்கிறா.
பள்ளிக்கரணை சதுப்பு நெலம் வரும்போது கண்ணாடிய கொஞ்சம் இறக்குவேன்,
குப்பை வாசனையும் தண்ணி வாசனையும் கலந்து அடிக்கும்,
அங்க மட்டும் எதுவும் ஒளிரல,
எங்கயோ ஒரு பறவை கத்துது, அதுவும் நைட் ஷிஃப்ட் போல,
அந்த இருட்டுக்குள்ள கண்ண கழட்டி ஊறப் போட்டா எவ்ளோ நல்லாருக்கும்னு தோணும்.

தெருமுனைல பால் டப்பா இறக்குறாங்க, எதிர் வீட்டுல வாசல் தெளிக்கிறாங்க,
அந்த அக்கா என்னப் பாத்து இப்பத்தான் வர்றியான்னு கேக்குறதில்ல, தண்ணிய மட்டும் கொஞ்சம் தள்ளித் தெளிப்பாங்க.
ரூம் ஜன்னல் முழுக்க அப்பா பேப்பர் ஒட்டி வச்சிருக்காரு,
விடிய விடிய வரி விளம்பரமெல்லாம் பின்னாடியிருந்து ஒளிரும்,
கண்ண மூடுனா எக்செல் கட்டம், தெறந்தா வீட்டுமனை விற்பனைக்கு.
கைய கழுவப் போனேன்,
சிங்க்ல மிக்சி ஜாரு கவுத்து வச்சிருக்கு, அடில ஒரு சொட்டு தண்ணி,
தேங்கா வாசனை இன்னும் போகல,
நான் வந்து படுத்தப்புறம் சத்தம் கேக்கக் கூடாதுன்னு
மூணு மணிக்கே எழுந்து சட்னி அரைச்சிருக்காங்க.