கை சுகாதார நாள் உரை: ப்ராம்ப்டர் பிரதி, மூன்றாம் திருத்தம்

மேடம், வணக்கம். நீங்கள் அனுப்பிய நான்கு பக்க உரையைத் திரை வரிகளாக உடைத்திருக்கிறேன். பகுதி 3இல் எடுத்த ஒரு பத்தியைத் தவிர, கருத்து எதையும் தொடவில்லை. வாக்கியங்களைத்தான் தொட்டிருக்கிறேன், அதுவும் கொஞ்சம் அதிகமாகவே. காரணம், முந்தாநாள் ஒத்திகையில் நீங்கள் இரண்டு தடவை தடுமாறிய இந்த வாக்கியம்:

"1847 ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 என்ற அளவில் இருந்த பிரசவித்த தாய்மாரின் இறப்பு, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகளைக் கழுவிய பிறகே பிரசவ அறைக்குள் நுழைய வேண்டும் என்று செம்மல்வைஸ் மே மாத நடுவில் கட்டளையிட்டதைத் தொடர்ந்து, ஜூனில் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது."

தாளில் இது நல்ல வாக்கியம். ஆனால் தமிழில் வினை கடைசியில் வருகிறது. "குறைந்தது" என்ற சொல் வரும்வரை கேட்பவர்கள் 18 என்ற எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். திரையிலோ ஒரு நேரத்தில் ஐந்து வரிதான் தெரியும். முடிவு எங்கே என்று தெரியாமலே நீங்கள் படிக்க ஆரம்பிக்கிறீர்கள், குரல் ஏறிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதனால் இந்த ஒரு வாக்கியம் கீழே பல சின்ன வாக்கியங்களாகியிருக்கிறது. அந்த எண்கள்தான் இந்த உரையின் உயிர். அவை காதில் விழுந்து இறங்க நேரம் கொடுக்க வேண்டும்.

குறிகள்:

/ சின்ன நிறுத்தம், ஒரு மூச்சு
// மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணும் நிறுத்தம்
தடித்த சொல் அழுத்தம்
[ ] வாய்விட்டுப் படிக்க வேண்டாதது. திரையில் மஞ்சளில் வரும்

ஆங்கிலப் பிரதியில் அழுத்தத்துக்குப் பெரிய எழுத்து போடுவார்கள். நம் எழுத்தில் அது இல்லாததால் தடிப்பு மட்டும். ஒரு வரிக்கு ஒன்றுக்கு மேல் போடவில்லை. இரண்டு போட்டால் இரண்டுமே அழுத்தமாகக் கேட்காது. ஒரு வரியில் நாலைந்து சொல்லுக்கு மேல் போகவில்லை, அதற்கு மேல் போனால் உங்கள் கண் இடமும் வலமும் ஓடுவது முன்வரிசைக்குத் தெரியும். "கழுவிக்கொள்ளவேண்டியிருந்தது" போன்ற நீளச் சொற்களைப் பிரித்துவிட்டேன். ஆண்டுகளை எண்ணாகவே விட்டிருக்கிறேன், ஒத்திகையில் 1847ஐ ஒரே பார்வையில் சொல்லிவிட்டீர்கள்.

ப்ராம்ப்டர் ஓட்டும் தம்பிக்கு: மேடத்தின் குரலைப் பின்தொடருங்கள், முந்தாதீர்கள். // வரும் இடத்தில் திரை நிற்கட்டும்.

பகுதி 1

[மேடைக்கு வந்ததும் தண்ணீர். அவையைப் பாருங்கள். 3 எண்ணுங்கள்]

எல்லாருக்கும் வணக்கம். //

இன்று மே 5. /
உலகக் கை சுகாதார நாள். //

புதிதாகச் சேர்ந்திருக்கும்
செவிலியர்களே, /
பயிற்சி மருத்துவர்களே, /
உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். //

வியன்னா நகரம். /
பெரிய பொது மருத்துவமனை. /
அதில் இரண்டு பிரசவப் பிரிவுகள். //

முதல் பிரிவில் /
மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். /
இரண்டாம் பிரிவில் /
மருத்துவச்சிகள் பயின்றார்கள். //

ஒரே மருத்துவமனை. /
ஒரே ஊர்ப் பெண்கள். //

இரண்டாம் பிரிவில் /
பிரசவித்த தாய்மாரில் /
நூற்றுக்கு 4 பேர் இறந்தார்கள். //
முதல் பிரிவில் /
நூற்றுக்கு 10 பேர். //

[3 எண்ணுங்கள். பின்வரிசையைப் பாருங்கள்]

அந்த ஊர்ப் பெண்களுக்கு
இது தெரிந்திருந்தது. //
முதல் பிரிவு வேண்டாம் என்று /
மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். //
சிலர் தெருவிலேயே
குழந்தை பெற்றார்கள். //

தெருவில் பெற்றவர்கள் /
முதல் பிரிவில் பெற்றவர்களைவிட /
அதிகம் பிழைத்தார்கள். //

[மேடம்: இந்த இடத்தில் ஒத்திகையில் உடனே அடுத்த வரிக்குப் போனீர்கள். தயவுசெய்து நில்லுங்கள். அவை மூச்சை இழுக்கும் சத்தம் கேட்ட பிறகு தொடரலாம்]

பகுதி 2

அங்கே ஓர் இளம் மருத்துவர். /
பெயர் / இக்னாஸ் செம்மல்வைஸ். /
வயது 28. //

ஏன் இந்த வித்தியாசம்? //

கூட்டம் அதிகமோ என்று பார்த்தார். /
இரண்டாம் பிரிவில்தான்
கூட்டம் அதிகம். //

பெண்கள் படுக்கும் நிலையோ? /
அதையும் மாற்றிப் பார்த்தார். /
பயனில்லை. //

இறந்தவர்களுக்காகப் பாதிரியார்
மணியோடு வருவார். /
அந்த மணியோசை கேட்ட பயமோ? /
அவர் வரும் வழியை மாற்றினார். /
பயனில்லை. //

1847 மார்ச். //
அவருடைய நண்பர் ஒருவர் /
மருத்துவப் பேராசிரியர் /
யாக்கோப் கொலெட்ச்கா. //

பிணப் பரிசோதனையின்போது /
மாணவர் ஒருவரின் கத்தி /
அவர் விரலைக் கீறியது. //
சில நாளில் இறந்தார். //

[குரல் தாழட்டும்]

நண்பரின் உடலைப்
பரிசோதித்தார்கள். /
குறிப்பைப் படித்தார்
செம்மல்வைஸ். //
அந்தத் தாய்மாரின் உடலில்
கண்ட அதே பாதிப்பு. //

[3 எண்ணுங்கள்]

காலையில் பிண அறை. /
அங்கிருந்து நேராகப் பிரசவ அறை. /
இதுதான் மாணவர்கள் வழக்கம். /
அவர் வழக்கமும் அதுதான். //

மருத்துவச்சிகள் /
பிண அறைக்குப் போவதில்லை. //

[இரண்டு உள்ளங்கைகளையும் அவை பார்க்க விரியுங்கள்]

கொண்டுபோனவை
இந்தக் கைகள். //

பகுதி 3

(மேடம், மேலே சொன்ன வாக்கியம் இங்கேதான் உடைந்து வருகிறது. எண்ணுக்கு முன்னால் சின்ன நிறுத்தம், எண்ணுக்குப் பின்னால் பெரிய நிறுத்தம். இரண்டையும் மாற்றிச் செய்தால் எண் தனியாக நிற்காது.)

ஏப்ரல் மாதம். /
முதல் பிரிவில் /
நூறு தாய்மாரில் /
18 பேர் இறந்தார்கள். //

மே மாத நடுவில்
ஒரு கட்டளை போட்டார். //
பிரசவ அறைக்குள் நுழையும் முன் /
குளோரின் கலந்த
சுண்ணாம்புக் கரைசலில் /
கை கழுவ வேண்டும். //

அவ்வளவுதான். //

ஜூன் மாதம். /
நூறு தாய்மாரில் / 2. //
ஜூலை மாதம். /
நூறு தாய்மாரில் / 1. //

[4 எண்ணுங்கள். திரை நிற்கட்டும். யாராவது கைதட்டினாலும் நகர்த்த வேண்டாம்]

கிருமியால் நோய் வரும் என்பதே /
அன்றைக்கு மருத்துவ உலகுக்குத்
தெரியாது. //
தெரியாமலே உயிர்களைக்
காப்பாற்றினார். //

உலகம் கொண்டாடியதா? //
இல்லை. //

மருத்துவரின் கை /
நோயைச் சுமக்கும் என்பதை /
பெரியவர்கள் பலர்
ஏற்க மறுத்தார்கள். //
1849இல் அவருடைய பதவி /
நீட்டிக்கப்படவில்லை. //
தன் ஆய்வை அவர்
நூலாக எழுதியது 1861இல். /
14 ஆண்டு தாமதம். //

1865இல் /
மனநோய் விடுதி ஒன்றில் /
காயத்தில் ஏற்பட்ட தொற்றால்
இறந்தார். /
வயது 47. //

[3 எண்ணுங்கள். தண்ணீர் குடிக்கலாம்]

(மேடம், மூலத்தில் இந்த இடத்தில் செம்மல்வைஸை எதிர்த்தவர்கள்மேல் ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் 22, 23 வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு அன்றைய சண்டையைவிட இன்றைய வார்டு முக்கியம். எடுத்தது உங்களுக்கு உறுத்தினால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள், இரண்டு வரியாக மீண்டும் சேர்க்கிறேன்.)

பகுதி 4

[ஒரு அடி முன்னால் வாருங்கள். குரல் இயல்பாக]

இன்று நமக்குக்
கிருமி தெரியும். /
காரணம் தெரியும். /
கரைசல் படுக்கைக்குப்
பக்கத்திலேயே இருக்கிறது. //

எப்போது கை சுத்தம் செய்வது? /
உலக சுகாதார நிறுவனம்
ஐந்து தருணம் சொல்கிறது. //

[ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல்]

ஒன்று. / நோயாளியைத்
தொடும் முன். //

இரண்டு. / ஊசி, கட்டு, குழாய் /
எந்தச் சுத்தமான வேலைக்கும்
முன். //

மூன்று. / இரத்தமோ
மற்ற உடல் திரவமோ /
பட்டிருக்கக் கூடிய
வேலைக்குப் பின். //

நான்கு. / நோயாளியைத்
தொட்ட பின். //

ஐந்து. / அவருடைய கட்டில், மேசை, /
போர்வை தொட்ட பின். //

[விரல்களை இறக்க வேண்டாம்]

ஐந்தாவதைத்தான் நாம்
மறக்கிறோம். /
நோயாளியைத் தொடவே இல்லையே
என்று நினைக்கிறோம். //

கையுறை போட்டிருக்கிறேனே
என்பீர்கள். //
கையுறை போடும் முன்னும் /
கழற்றிய பின்னும் /
கை சுத்தம் வேண்டும். //

ஆல்கஹால் கரைசல் என்றால் /
20 முதல் 30 நொடி. //
சோப்பும் தண்ணீரும் என்றால் /
40 முதல் 60 நொடி. //

கையில் அழுக்கு கண்ணுக்குத்
தெரிந்தால் /
சோப்பும் தண்ணீரும்தான். //
வயிற்றுப்போக்கு நோயாளி என்றாலும் /
சோப்பும் தண்ணீரும்தான். /
சில கிருமிகளின் வித்துகள் /
ஆல்கஹாலுக்குச் சாகாது. //

பகுதி 5

[அவையின் முதல் வரிசையைப் பாருங்கள்]

மூத்தவர் ஒருவர்
கை சுத்தம் செய்யாமல் /
கட்டிலருகே போகிறார். /
பார்த்துவிட்டீர்கள். //

சொல்லுங்கள். //

"சார், கை" என்று /
இரண்டே சொல் போதும். //

அந்த மூத்தவர்
நானாக இருந்தாலும்
சொல்லுங்கள். //
நான் கோபப்பட மாட்டேன். /
நன்றி சொல்வேன். //

[3 எண்ணுங்கள். இந்த வாக்குறுதியைத் திரையைப் பார்க்காமல், அவர்களைப் பார்த்தே சொல்ல வேண்டுகிறேன். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஐந்தே வரி]

இப்போது உங்கள் இருக்கைமேல் /
ஒரு சின்ன புட்டி இருக்கிறது. /
எடுத்துக்கொள்ளுங்கள். //

உள்ளங்கை நிறைய ஊற்றுங்கள். //
உள்ளங்கையோடு உள்ளங்கை. /
புறங்கை. /
விரல் இடுக்கு. /
விரல்களின் பின்பக்கம். /
கட்டை விரல். /
நகக்கண். //

20 நொடி. /
என்னோடு சேர்ந்து. /
பேச்சு வேண்டாம். //

[20 நொடி. திரை வெறுமையாக இருக்கட்டும். இந்த உரையிலேயே நீளமான நிறுத்தம் இது. ஒலிபெருக்கியில் இசை போட வேண்டாம் என்று அரங்கத்தாரிடம் சொல்லிவிட்டேன். நூறு சோடிக் கைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்கட்டும். மேடம், நீங்களும் தேயுங்கள். தம்பி, நொடியைக் கடிகாரத்தில் பாருங்கள், ஊகிக்க வேண்டாம்]

கை காய்ந்துவிட்டதா? //

[கைகளைத் தூக்கிக் காட்டுங்கள். அவர்கள் தூக்கும்வரை காத்திருங்கள்]

நாளைக் காலை /
முதல் நோயாளியிடம் /
இந்தக் கையோடு போங்கள். //

நன்றி. //

[திரை அணையலாம்]