பெயர் கூப்பிடும்போது வயிறு கலக்கினால்

புக்கிட் ஜாலில் அரங்கில் 100 மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள். கை சில்லிட்டு, வயிறு கலக்குகிறதா? பயப்பட ஒன்றுமில்லை; அட்ரினலின் சுரந்து உடம்பு ஓடத் தயாராகிறது. மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுங்கள், வாயால் 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்தாறு முறை போதும். நிதானமாக விடும் மூச்சில்தான் நெஞ்சுப் படபடப்பு தணியும்; வேகவேகமாக இழுத்தால் தலைதான் சுற்றும்.

அப்புறம், பயிற்சியில் செய்கிற அதே வரிசை: ஷூ நாடாவை இறுக்கி, இரண்டு முறை குதித்து, தொடையைத் தட்டிவிட்டுக் கோட்டுக்கு வாருங்கள். அன்றைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், அண்ணன் ஆசையாக வாங்கித் தந்த ஸ்பைக்ஸ் உட்பட.

"நான்தான் ஜெயிப்பேன்" என்றால் மனசே நம்பாது. "பதற்றமாகத்தான் இருக்கிறது, சரி. முதல் பத்து அடிக்குத் தலையைத் தூக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொள்ளுங்கள்.